அடுத்த பில்லில் தானாகச் சரியாகாது: தவறான ரீடிங்குக்கு மின் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பது எப்படி?

கேள்வி: எப்போதும் 1,400, 1,500 ரூபாய் வரும் கரண்ட் பில் இந்த முறை 4,298 வந்திருக்கு. வீட்டில் புதுசா எதுவும் வாங்கலை. கணக்கெடுத்த அன்றைக்குப் போட்ட ரீடிங் 19,835. இன்றைக்கு மீட்டரைப் பார்த்தால் அதைவிடக் குறைவா இருக்கு. ஆபீஸில் கேட்டால் "அடுத்த பில்லில் தானாகச் சரியாகிடும், வேணும்னா எழுதிக் கொடுங்க" என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் கேட்பார்களா? என்னென்ன எழுத வேண்டும்? அதுவரை இந்தப் பில்லைக் கட்டணுமா, வேண்டாமா?

முதலில் மீட்டரைப் படம் எடுங்கள், கடிதம் அப்புறம். உங்கள் கையில் இப்போது இருப்பது அசைக்க முடியாத சாட்சி. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. யூனிட் மீட்டர் பின்னோக்கி ஓடாது. கணக்கெடுத்த நாளில் 19,835 என்று இருந்தது உண்மையானால் அதற்குப் பிந்தைய எந்த நாளிலும் அதைவிடக் குறைந்த எண் தெரிய வழியே இல்லை. தெரிகிறது என்றால் அன்றைக்குப் பதிந்த எண் தவறு. இதற்கு மேல் யாரும் வாதாடத் தேவையில்லை. ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு யூனிட் செலவாகும் வீட்டில் 300 யூனிட் வித்தியாசம் நாற்பது நாளில் மறைந்துவிடும். திரையில் 19,835 தாண்டிவிட்டால் நீங்கள் சொல்வதும் அலுவலகம் சொல்வதும் ஒரே எடையில் நிற்கும். மாதக் கடைசி அளவைத் தன் நினைவில் வைத்திருக்கும் மீட்டர்கள் உண்டு, அதிலிருந்து பழைய கணக்கை எடுக்கலாம்தான். ஆனால் அதற்கு ஆள் வர வேண்டும், கருவி வர வேண்டும். இன்று ஒரு படம் எடுப்பது எவ்வளவோ சுலபம்.

படம் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எலெக்ட்ரானிக் மீட்டரின் திரை ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்காது. சில நொடிக்கு ஒருமுறை தேதி, நேரம், வோல்டேஜ், கரண்ட், அதிகபட்ச லோடு, யூனிட் என்று மாறி மாறி வரும். கட்டணத்துக்கு உரியது பக்கத்தில் kWh என்று வரும் எண் மட்டும்தான். அதிலும் புள்ளிக்குப் பிறகு வருவதை விட்டுவிட வேண்டும். வேறு எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய் அலுவலகத்தில் விழித்தவர்கள் உண்டு. அதனால் ஒற்றைப் படத்தோடு நிறுத்தாமல் திரை ஒரு சுற்று முழுக்க வரும்வரை வீடியோ எடுங்கள். மீட்டரின் முகப்பில் அச்சடித்த சீரியல் எண்ணிலிருந்து தொடங்கி, அப்படியே திரைக்கு வந்து, தேதியும் kWh எண்ணும் வரும்வரை வெட்டாமல் எடுத்தால் போதும். இது உங்கள் மீட்டர்தான், இந்தத் தேதியில் எடுத்ததுதான் என்று மீட்டரே சொல்லிவிடும். மூன்று நாள் கழித்து இன்னொரு படமும் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது என்று காட்ட அது உதவும்.

"அடுத்த பில்லில் சரியாகிடும்" என்று கவுண்டரில் சொன்னது பாதிதான் உண்மை. யூனிட் கணக்கு சரியாகும், பணக் கணக்கு சரியாகாது. மின்வாரியத்தின் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சொன்னவர் ஏமாற்ற நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதைச் சொல்லியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வீட்டு இணைப்புக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாதே. தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் வந்த வீதப்படி 2025-இல் நாம் கட்டிய தொகையைப் பாருங்கள். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகையும் போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45. சரியாக 500 யூனிட் என்றால் பில் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்!

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் எழுதாத விவரங்களுக்கு உதாரணமாக எண்கள் வைத்துக்கொள்கிறேன், ரீடிங் எழுதும் அட்டையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஜூன் 12-இல் ரீடிங் 19,085. ஆகஸ்ட் 12-இல் உண்மையாக இருந்தது 19,535 என்று வைப்போம். செலவு 450 யூனிட், பில் 1,490. பதிந்தது 19,835, அதனால் 750 யூனிட், பில் 4,297.50. நீங்கள் சொன்ன தொகையோடு ஒத்துவருகிறது. தவறு நடந்தது ஒரே இலக்கத்தில், 5-க்குப் பதில் 8. ஏழு கோடுகளால் எண் எழுதும் திரையில், கண்ணாடி மங்கிப் போயிருந்தால், 5, 6, 8 மூன்றையும் பிரித்தறிவது கஷ்டம்தான். சரி, எதுவும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அக்டோபரில் ரீடிங் 19,985 என்று சரியாக எடுப்பார்கள். 19,835-ஐக் கழித்தால் 150 யூனிட், பில் வெறும் 117.50. இரண்டு பில்லையும் கூட்டினால் 4,415 ரூபாய். நியாயமாக வந்திருக்க வேண்டியது 1,490 இரண்டு முறை, அதாவது 2,980. மீதி 1,435 ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போனது போனதுதான், எந்தப் பில்லிலும் திரும்பி வராது. கடிதம் எழுதுவதற்கு உண்மையான காரணம் இந்த 1,435.

இதையே தலைகீழாகவும் பார்த்திருக்கிறேன். போன முறை வீடு பூட்டியிருந்தது, அல்லது எண்ணைக் குறைவாகப் பதிந்துவிட்டார்கள். பில் குறைவாக வரும், யாரும் கவலைப்பட மாட்டோம். அடுத்த முறை விட்டுப்போன யூனிட்டெல்லாம் சேர்ந்து ஒரே பில்லில் வந்து விழும். அப்போது மீட்டரில் இருக்கும் எண்ணும் சரி, அட்டையில் இருக்கும் எண்ணும் சரி. "ரீடிங் தவறு" என்று எழுதினால் ஆள் வந்து பார்த்துவிட்டு சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அங்கே கேட்க வேண்டியது வேறு: நான்கு மாத யூனிட்டை இரண்டு பில் காலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வீதம் போட்டு, ஏற்கெனவே கட்டிய பணத்தைக் கழித்துத் தாருங்கள் என்பது. 2020 ஊரடங்கில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க முடியாதபோது வாரியமே இப்படித்தான் நான்கு மாதக் கணக்கை இரண்டாகப் பிரித்துப் போட்டது. ஆகவே இது புதுக் கோரிக்கை இல்லை.

இனி கடிதம். பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் பெயருக்கு எழுதுங்கள், சில பிரிவுகளில் இளநிலைப் பொறியாளர் இருப்பார். பில்லைத் திருத்துவது வருவாய்ப் பிரிவு, அதாவது உதவிக் கணக்கு அலுவலர் கையில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஆள் அனுப்பி மீட்டரைச் சரிபார்த்து அறிக்கை தருவது பொறியாளர். அந்த அறிக்கை இல்லாமல் கணக்குப் பிரிவு பேனாவை எடுக்காது. அதனால் முதல் கடிதம் பொறியாளருக்கு, நகல் கணக்கு அலுவலருக்கு. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படி எழுதலாம்:

"பெறுநர்: உதவிப் பொறியாளர், (பிரிவின் பெயர்) பிரிவு அலுவலகம். நகல்: உதவிக் கணக்கு அலுவலர், வருவாய்ப் பிரிவு.

பொருள்: மின் இணைப்பு எண் (முழு எண்), வீட்டு உபயோகம். 12.08.2025 கணக்கீட்டில் பதிந்த அளவு மீட்டரில் உள்ள அளவைவிட அதிகம். மறு அளவீடு செய்து பில்லைத் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

மேற்கண்ட இணைப்பு (பெயர்) பெயரில் உள்ளது. மீட்டர் சீரியல் எண் (எண்). 12.08.2025 அன்று அளவு 19,835 எனப் பதிவாகி, முந்தைய அளவான 19,085-ஐக் கழித்து 750 யூனிட்டுக்கு ரூ. 4,298 கட்டணம் போடப்பட்டுள்ளது.

18.08.2025 அன்று மீட்டரில் kWh அளவு 19,578 என்றே இருந்தது. படம் இணைத்துள்ளேன். ஆறு நாள் முன்பு பதிந்த அளவைவிட இது 257 யூனிட் குறைவு. ஆகவே 12.08.2025 அன்று பதிந்த அளவு சரியாக இருக்க முடியாது.

இதற்கு முந்தைய மூன்று பில்களில் என் வீட்டின் செலவு முறையே 418, 442, 455 யூனிட். வீட்டில் புதிய மின் சாதனம் எதுவும் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, (1) மீட்டரை நேரில் மறு அளவீடு செய்யவும், (2) 12.08.2025-க்கான அளவையும் பில் தொகையையும் திருத்தித் தரவும், (3) திருத்தம் முடியும்வரை மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)-இன்படி, முந்தைய ஆறு மாத சராசரித் தொகையான ரூ. 1,417-ஐ ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டு இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பில்லில் யூனிட் ஈடாகிவிடும் என்று விட்டால் வீத வேறுபாட்டால் எனக்கு ஏறத்தாழ ரூ. 1,435 நட்டம் வரும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு: மீட்டர் படம், பில் நகல், முந்தைய மூன்று கணக்கீட்டின் நகல். கைப்பேசி எண். தேதி, கையொப்பம்."

இதில் நான் வேண்டுமென்றே விட்டவை சில உண்டு. கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்கே வரவில்லை, உட்கார்ந்த இடத்தில் போட்டுவிட்டார் என்றெல்லாம் எழுத வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்களால் நிரூபிக்க முடியாது. எழுதினால் விஷயம் மீட்டரைவிட்டு அந்த ஊழியர் மேல் போய்விடும், அவர் விளக்கம் கொடுத்து முடிக்கும்வரை உங்கள் பில் அங்கேயே கிடக்கும். "மீட்டர் பழுது" என்ற சொல்லும் கடிதத்தில் இல்லை. பழுது என்று நீங்களே எழுதிவிட்டால் கோப்பு சோதனைக் கூடத்துப் பக்கம் திரும்பும், மீட்டரைக் கழற்றுவார்கள், மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது, படித்த எண்தான் தவறு. இந்த இரண்டும் வேறு வேறு என்று கடிதத்தைப் படிப்பவருக்கு முதல் வரியிலேயே தெரிய வேண்டும். ஆகஸ்ட் 12-இல் இருந்திருக்க வேண்டிய எண் 19,535 என்று நான் கணக்குக்காக வைத்தேன். கடிதத்தில் அதைச் சேர்க்கவில்லை. நீங்கள் அறிந்தது 18-ஆம் தேதி எண் மட்டும்தான். நாளொன்றுக்கு ஏழு யூனிட் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் போடுவது அவர்கள் வேலை. ஐந்து பத்து யூனிட் முன்பின் வந்தால் சண்டை போடாதீர்கள்.

முந்தைய மூன்று பில்களின் விவரத்துக்கு அட்டை இல்லையென்றால் வாரியத்தின் இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். வாடகை வீடு என்றால் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். அவர் கையெழுத்தோடு கொடுப்பது நல்லது, முடியாவிட்டால் "குடியிருப்பவர்" என்று குறிப்பிட்டு நீங்களே கொடுக்கலாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்க, பாக்குறோம்" என்றால், சரி என்று சொல்லிவிட்டு அதே கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-இல் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குவதும் நல்லதுதான், ஆனால் அது கடிதத்துக்குக் கூடுதல், மாற்று அல்ல. தொலைபேசிப் புகாரில் உங்கள் படமும் கணக்கும் இருக்காது. பின்னால் மேல்முறையீடு என்று வந்தால் கேட்கப்படுவது தேதி போட்ட காகிதம்தான்.

பில்லைக் கட்டுவது பற்றி. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் இருக்கிறது. "தகராறு இருக்கிறது, அதனால் கட்ட மாட்டேன்" என்று சும்மா இருப்பதுதான் மிக மோசமான வழி. அவகாசம் முடிந்ததும் நிலுவைப் பட்டியலில் உங்கள் எண் ஏறும், துண்டிக்க வருபவர் கையில் இருப்பது அந்தப் பட்டியல் மட்டும், உங்கள் கடிதம் அவரிடம் இருக்காது. சட்டம் உங்களுக்கு ஒரு வழி தந்திருக்கிறது. மின்சாரச் சட்டத்தின் 56(1) பிரிவின்படி, கேட்ட முழுத் தொகை, அல்லது முந்தைய ஆறு மாதத்தில் நீங்கள் கட்டியதன் சராசரி, இரண்டில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்திவிட்டால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. ஆறு மாதம் என்றால் நமக்கு மூன்று பில். 1,288, 1,440, 1,522 என்று கட்டியிருந்தால் சராசரி 1,417 ஆகிறது. இது திட்டவட்டமான சட்ட உரிமை, அலுவலகம் மனது வைத்துத் தரும் சலுகை இல்லை.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. ஆன்லைனில் முழுத் தொகையைத்தான் வாங்கும், பாதியைக் கட்ட முடியாது. கவுண்டரில் வாங்கவும் மேலே இருந்து அனுமதி வேண்டும். அதனால்தான் கடிதத்திலேயே மூன்றாவது கோரிக்கையாக அதைச் சேர்த்தேன். கடைசி நாளுக்கு நான்கைந்து நாள் இருக்கும்போதே கணக்கு அலுவலரை நேரில் பாருங்கள். படம் கையில் இருக்கும் உங்கள் மாதிரி நேரான விஷயத்தில் பெரும்பாலும் அதற்குள் ஆள் வந்து பார்த்துத் திருத்திவிடுவார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சராசரித் தொகையையும் வாங்க மறுக்கிறார்கள் என்றால், கையில் பணம் இருக்கிற பட்சத்தில் முழுவதையும் கட்டிவிட்டு, "ஆட்சேபத்துடன் செலுத்தியுள்ளேன்" என்று அன்றைக்கே இன்னொரு கடிதம் கொடுங்கள். நான் அதைத்தான் செய்வேன். கட்டியதால் உரிமை போய்விடாது. தமிழ்நாடு மின் வழங்கல் தொகுப்பின் 12-ஆம் விதி பில் தவறுகளைப் பற்றியது. அதிகமாக வாங்கிய தொகையைத் திரும்பப் பெற நுகர்வோருக்கு உரிமை உண்டு, காப்புத் தொகைக்குத் தரும் வட்டியையும் சேர்த்துத் தரலாம் என்று அதில் இருக்கிறது. பணமாகக் கையில் வருவது அபூர்வம், அடுத்தடுத்த பில்லில் கழிப்பார்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் மீட்டரில் உள்ள எண் பில்லில் உள்ளதைவிடக் குறைவு என்ற ஒரே ஆதாரத்தின் மேல் நிற்கிறது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு அந்த ஆதாரம் இல்லாமல் இருக்கலாம். ரீடிங் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் யூனிட் மட்டும் எகிறிவிட்டது என்றால் மேலே உள்ள கடிதத்தை நகல் எடுக்காதீர்கள். அங்கே காரணம் என்னவென்று தூரத்திலிருந்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. "மீட்டர் வேகமாக ஓடுகிறது" என்ற சந்தேகம்தான் எல்லோருக்கும் முதலில் வரும். என் அனுபவத்தில் அது கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. எலெக்ட்ரானிக் மீட்டர் செத்துப் போகும், திரை அணையும், அபூர்வமாக எண் தாவும். ஆனால் அமைதியாக இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது மிக அரிது.

அதைவிட அடிக்கடி நடப்பது வயரிங் கோளாறு, அதிலும் நியூட்ரல் கலந்து போவது. நம் ஊரில் வீடுகளுக்கு வைக்கும் சிங்கிள் பேஸ் எலெக்ட்ரானிக் மீட்டர், பேஸ் கம்பியில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் இரண்டையுமே அளக்கும். இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும். திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி, அதற்குத் தனி மீட்டரும் வாங்கி, வயரிங் செய்தவர் இரண்டு வீட்டு நியூட்ரலையும் ஒரே இடத்தில் முடிந்து வைத்துவிட்டால், மாடியில் ஏசி ஓடும்போது அந்தக் கரண்டில் ஒரு பகுதி கீழ் வீட்டு மீட்டர் வழியாகத் திரும்பும். கீழ் வீட்டு மீட்டரும் அதைச் சேர்த்துக்கொண்டு ஓடும். புதிதாக ஒன்றும் வாங்காமலே பில் ஏறுவதற்கு இது ஒரு காரணம். பல மீட்டர்களில் இப்படி இரண்டு கரண்டும் ஒத்துப்போகாதபோது எர்த் என்று எழுதிய சின்ன விளக்கு எரியும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. மீட்டருக்குப் பின்னால் உள்ள மெயினை அணைத்துவிட்டு, மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கைச் சில நிமிடம் பாருங்கள். சிமிட்டவே கூடாது. சிமிட்டினால் நியூட்ரல் கலந்திருக்கலாம், அல்லது மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ எடுக்கிறார்கள். அடுத்து மெயினைப் போட்டு, வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, பிரிட்ஜையும் செட்டாப் பாக்ஸையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். இப்போது சிமிட்டினால் வீட்டுக்குள் எங்கோ கசிவு இருக்கலாம். மீட்டரின் வேகத்தைச் சோதிக்க வேண்டுமென்றால், முகப்பில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை சிமிட்டல் என்று அர்த்தம். 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை மட்டும் தண்ணீரில் போட்டு ஓட்டினால் நிமிடத்துக்கு 53 சிமிட்டலை ஒட்டி வர வேண்டும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலே ஐந்தாறு சிமிட்டல் குறையும், அதனால் இது துல்லியமான சோதனை இல்லை. நூறைத் தொட்டால்தான் மீட்டரைச் சந்தேகப்பட இடம் இருக்கிறது. எதைச் செய்தாலும் மீட்டர் பெட்டியைத் திறக்கவோ சீலைத் தொடவோ கூடாது. சீல் உடைந்திருந்தால் புகார் கொடுத்த நீங்களே பதில் சொல்ல வேண்டி வரும்.

வயரிங் சுத்தமாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் அப்போது எழுதும் கடிதத்தில் கேட்க வேண்டியது சோதனை. மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் ஒரு திருத்தம் வந்தது. மீட்டர் காட்டும் அளவு தன் செலவோடு ஒத்துப்போகவில்லை என்று நுகர்வோர் புகார் தந்தால், ஐந்து நாளுக்குள் பக்கத்திலேயே இன்னொரு மீட்டரை வைத்து, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்கிறது அது. பிரிவு அலுவலகத்தில் இதைத் தாங்களாக முன்வந்து சொல்வார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், கடிதத்தில் விதியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மீட்டர் உண்மையாகவே பழுது என்று முடிவானால், பழுதாக இருந்த காலத்துக்கு முந்தைய நான்கு மாத சராசரியை வைத்துக் கணக்கிடுவது வழங்கல் தொகுப்பில் உள்ள முறை. அந்த நான்கு மாதம் வீடு பூட்டியிருந்தது போன்ற வித்தியாசம் இருந்தால் வேறு மாதங்களை எடுப்பார்கள்.

பிரிவு அலுவலகத்தில் பதிலே இல்லையென்றால் செயற்பொறியாளருக்கு அதே கடிதத்தின் நகலோடு எழுதலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மின் பகிர்மான வட்ட அலுவலகத்தில் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வக்கீல் வேண்டாம், நீங்களே போய்ப் பேசலாம். அதன் முடிவில் திருப்தி இல்லையென்றால் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகாது என்றுதான் நினைக்கிறேன்.

திருத்திய பில் வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். ஆகஸ்ட் 12-க்கு எதிரே அளவும் 19,535 போல மாறியிருக்கிறதா என்று இணையதளத்தில் பாருங்கள். சில நேரம் பணத்தை மட்டும் குறைத்துவிட்டு எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். அக்டோபரில் 150 யூனிட் என்று பில் வரும், லாபம் என்று தோன்றும். பின்னால் தணிக்கையில் யாராவது பிடித்தால் விட்டுப்போன 300 யூனிட்டுக்கான தொகை "குறைவாக வசூலித்த கட்டணம்" என்று உங்கள் கணக்கில் ஏறும், அதே 12-ஆம் விதி அவர்களுக்கும் அந்த உரிமையைத் தருகிறது. எண் மாறவில்லையென்றால் முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டே வரியில் இன்னொன்று எழுதிக் கொடுத்து அதற்கும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.